மின்வெட்டுக்குப் பின் ரிலே நிலை: ஃபிளாஷ் தேயாமல் சேமிக்கும் முறை

ஈஎஸ்பி8266 சிப்பில் ஓடும் ஸ்மார்ட் சுவிட்ச், மின்சாரம் போய் வந்தபின் விளக்கை முன்பிருந்த நிலைக்கே கொண்டுவர வேண்டுமென்றால், அந்த நிலை எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆர்டிசி நினைவகம் ரீசெட்டைத் தாங்கும். ஆனால் மின்வெட்டைத் தாங்காது. ஆகவே பலரும் ரிலே மாறும்போதெல்லாம் `EEPROM.commit()` அழைத்துவிடுகிறார்கள். பெயர் அப்படியிருந்தாலும் இந்தச் சிப்பில் தனி ஈப்ராம் கிடையாது. ஒரே ஒரு பைட் மாறினாலும் ஃபிளாஷின் 4096 பைட் செக்டர் முழுவதும் அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகிறது.

இவ்வகை ஃபிளாஷ் செக்டர் ஒன்றுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள் சுமார் 1,00,000 அழிப்புகள். கையால் போடும் படுக்கையறை விளக்குக்கு அது தாராளம். ஆனால் நடமாட்ட உணரியோடு இணைந்த நடைபாதை விளக்கு நாளொன்றுக்கு 200 முறை எரிந்து அணைந்தால் 400 அழிப்புகள் ஆகின்றன. 250 நாளில் கணக்கு முடிந்துவிடுகிறது. அதன்பின் உடனே பழுதாகும் என்பதில்லை. மின்சாரம் வந்ததும் பழைய நிலையோ தவறான நிலையோ வரத் தொடங்குவதே முதல் அறிகுறி. வைஃபை கடவுச்சொல்லையும் அதே செக்டரில் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே தொலையும்.

தேய்மானம் அழிப்பில்தான் இருக்கிறது. அழித்த செக்டரில் எல்லா பிட்டுகளும் 1 ஆக இருக்கும். அவற்றை 0 ஆக்க அழிப்பு தேவையில்லை. எனவே ஒரே இடத்தைத் திருத்தாமல், கணக்கு நோட்டில் அடுத்த வரியில் எழுதுவதுபோல், அடுத்த 4 பைட்டில் புதிய பதிவை எழுதிக்கொண்டே போகலாம். ஒரு செக்டரில் 1024 பதிவுகள் அடங்கும்.

```
uint32_t r = (uint32_t(seq) << 16)
           | (uint32_t(uint8_t(~st)) << 8) | st;
ESP.flashWrite(addr, &r, 4);
```

இதில் `st` ரிலேக்களின் நிலை, `seq` வரிசை எண். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் நிலையும் அதன் தலைகீழ்ப் பிரதியும் பெரும்பாலும் பொருந்தாது. அந்தப் பதிவைத் தள்ளிவிட்டு அதற்கு முந்தையதை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு செக்டர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது அவசியம். ஒன்று நிரம்பியதும் மற்றதை அழித்து அதில் எழுத வேண்டும். அழிக்கும்போது மின்சாரம் போனாலும் நிரம்பிய செக்டரில் கடைசி நிலை பத்திரமாக இருக்கும். மேலே சொன்ன நடைபாதை விளக்கில் இனி ஒவ்வொரு செக்டரும் ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறைதான் அழிக்கப்படும்.

ரிலே மாறியபின் 5 விநாடி நிலைத்திருந்தால் மட்டும் எழுதுவது இன்னொரு சிக்கனம். அந்த 5 விநாடிக்குள் மின்சாரம் போனால் முந்தைய நிலை வரும் என்பதை ஏற்கத்தான் வேண்டும். சுவிட்ச் தொடங்கும்போது, படித்த நிலையையே மறுபடி எழுதவே கூடாது, ஏனெனில் நம் ஊரில் மின்சாரம் ஒரேயடியாக வருவதில்லை, வந்து வந்து போகும். ஈஎஸ்பி32-இல் இருக்கும் என்விஎஸ் சேமிப்பு நூலகம் கிட்டத்தட்ட இதே வேலையைத் தானே செய்துகொள்கிறது. அங்கே இதற்கெனத் தனி நிரல் எழுதத் தேவையில்லை.

இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் போன்றவை இணைந்த ரிலேக்களை மட்டும் எந்தப் பதிவையும் பார்க்காமல் அணைந்த நிலையிலேயே தொடங்கச் செய்கிறேன். ஆளில்லாத வீட்டில் அவை தாமாகச் சூடேறுவதை எந்த வாடிக்கையாளரும் விரும்பமாட்டார்.