சட்டையா, சிறுவனா, சைக்கிளா?

சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவனின் போட்டோ. அவனை மட்டும் தனியாக வெட்டியெடுக்க வேண்டும். சட்டையின் நடுவில் ஒரு கிளிக் செய்கிறோம். நாம் கேட்டது சட்டையையா, சிறுவனையா, சைக்கிளோடு சேர்த்தா? அந்த ஒரு புள்ளியைப் பார்த்து பக்கத்தில் இருப்பவராலும் சொல்ல முடியாது.

படத்திலிருந்து பொருள்களைப் பிரித்தெடுக்க மெட்டா 2023 ஏப்ரலில் வெளியிட்ட ஏஐ மாடலான செக்மென்ட் எனிதிங் மாடல், சுருக்கமாக 'சாம்', இந்தக் குழப்பத்தை ஒப்புக்கொள்கிறது. ஒரு கிளிக்குக்கு மூன்று மாஸ்க்குகளை, அதாவது எந்தப் பகுதியை வெட்டியெடுப்பது என்று காட்டும் மூன்று வடிவங்களைத் தருகிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு சரியாக இருக்கும் என்று தானே ஒரு மதிப்பெண்ணும் போடுகிறது. பல மென்பொருள்கள் முதல் மதிப்பெண் வாங்கியதை மட்டும் காட்டிவிடும். அதனால் சட்டை மட்டும் வந்தால் உடனே அடுத்த கிளிக்குக்குப் போக வேண்டாம். வசதி இருந்தால் மற்ற இரண்டையும் புரட்டிப் பாருங்கள். சிறுவன் அங்கேயே இருக்கக்கூடும்.

படத்தைத் திறந்ததும் கொஞ்சம் காக்க வைக்கும், பிறகு கிளிக்குக்குக் கிளிக் சட்டென்று பதில் வரும். கனமான வேலை முதலிலேயே ஒருமுறை முடிந்துவிடுவதுதான் காரணம். படத்தின் நீண்ட பக்கம் 1024 பிக்சலாக மாற்றப்பட்டு, 16 பிக்சல் சதுரங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் 256 எண்கள் கொண்ட ஒரு குறிப்பு உருவாகிறது. கிளிக் என்பது இடமும் ஒரு முத்திரையும்தான்: 1 என்றால் 'இது உள்ளே', 0 என்றால் 'இது வெளியே'. மாடலின் ஒரு சிறிய பகுதி இதை அந்தக் குறிப்புகளோடு சேர்த்துப் பார்த்து, 256×256 கட்டங்களில் எண்களை நிரப்புகிறது. பூஜ்யத்துக்கு மேலிருந்தால் மாஸ்க்கில் சேரும்.

சரி, சிறுவன் வந்துவிட்டான். ஆனால் ஒரு செருப்பு விடுபட்டிருக்கிறது, ஹேண்டில்பாரும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெரிய பிழையை முதலில் பிடியுங்கள். ஹேண்டில்பாரின் நடுவில் ஒரு 'வெளியே', அப்புறம் செருப்பின் நடுவில் ஒரு 'உள்ளே'. பலர் விளிம்பில் கிளிக் செய்கிறார்கள். அங்கே கை இரண்டு பிக்சல் நழுவினாலும் சொல்வது தலைகீழாகிவிடும். தூரத்து வானத்தில் வைக்கும் 'வெளியே'வாலும் பெரிதாகப் பயனில்லை, அது ஏற்கெனவே வெளியேதான் இருக்கிறது. பயிற்சியின்போது மாடலுக்குக் கொடுத்த திருத்தப் புள்ளிகளும் அது தவறு செய்த பகுதிக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டவை.

ஒவ்வொரு திருத்தத்திலும் முந்தைய மாஸ்க்கின் எண்களையும் மாடலுக்கே திருப்பிக் கொடுக்கலாம். அதனால் சரியாக வந்த பகுதி பெரும்பாலும் நிலைக்கும். பெரும்பாலும்தான்! செருப்பைச் சேர்த்ததும் பெடலும் சேர்ந்து வந்தால், மேலும் கிளிக்குகளைக் குவிப்பதைவிட அந்தக் கடைசி கிளிக்கை அழித்துவிட்டு, சிறுவனைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து மறுபடி தொடங்குவேன்.

சைக்கிளையும் சேர்த்து வெட்ட நினைத்தால் சக்கரக் கம்பிகளில் மாட்டிக்கொள்வீர்கள். 4000 பிக்சல் அகலப் படத்தில் மாஸ்க்கின் ஒரு கட்டம் ஏறக்குறைய 16 பிக்சல். நாலைந்து பிக்சல் தடிமனுள்ள கம்பி அதில் கரைந்துபோகும். எத்தனை கிளிக் செய்தாலும் சக்கரம் தட்டு மாதிரி நிரம்பியே வரும். சக்கரத்தை மட்டும் பெரிதாக வெட்டி எடுத்துத் தனியாக மாடலுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அதிலும் வராத கம்பிகளை பிரஷ் எடுத்துக் கையால்தான் வரைய வேண்டும்.