ஸ்டாப் பட்டனின் லைட் சும்மா இருக்கும்போதும் எரிய வேண்டும்

சேரன்மகாதேவி தாண்டி ஒரு அரிசி ஆலை. எலிவேட்டர் மோட்டாரின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரின் தோள் துண்டு பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. (பெல்ட் கார்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். அதற்குத் தனியாகச் சண்டை போட்டுவிட்டேன்.) கூட நின்றவர் பாய்ந்து ஸ்டாப்பை அமுக்கினார். மோட்டார் நிற்கவில்லை. மறுபடி அமுக்கினார், நிற்கவில்லை. கடைசியில் இன்னொருவர் பேனலுக்கு ஓடி எம்சிபியைத் தட்டினார். துண்டு தோளில் சும்மா கிடந்ததால் உருவிக்கொண்டு போனது, ஆள் தப்பினார். கழுத்தில் சுற்றிக் கட்டியிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

முதலாளி எனக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, ஸ்டாப்ப அமுக்குனா நிக்க மாட்டேங்கு. ஆனா நேத்து வரைக்கும் நின்னுச்சு." இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதுமே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. இந்த ஒரே தவறை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. அதனால்தான் இனிமேல் வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த மோட்டாரைக் கட்டுப்படுத்துவது பிஎல்சி என்ற சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் ஏணிப் படம் மாதிரி எழுதும் ப்ரோகிராம்தான் லேடர், அது இப்படித்தான் இருக்க வேண்டும்:

```
|   I0.0       I0.1     I0.2         Q0.0  |
|---| |---+----| |------| |----------( )---|
|         |                                |
|   Q0.0  |                                |
|---| |---+                                |
```

I0.0 ஸ்டார்ட், I0.1 ஸ்டாப், I0.2 மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் ட்ரிப் ஆகும் ஓவர்லோடு ரிலே, Q0.0 மோட்டாருக்குக் கரண்டை விடும் காண்டாக்டருக்குப் போகும் அவுட்புட். சில பிஎல்சிகளில் X0, Y0 என்று இருக்கும், விஷயம் ஒன்றுதான். களத்தில் ஸ்டார்ட் பட்டன் என்.ஓ., அதாவது அமுக்கினால்தான் கரண்டை விடும். ஸ்டாப் பட்டன் என்.சி., அதாவது சும்மா இருக்கும்போது கரண்டை விடும், அமுக்கினால் அறுக்கும். ஓவர்லோடு ரிலேயிலும் 95-96 என்ற என்.சி. காண்டாக்டையே உள்ளே கொண்டுவருகிறோம்.

இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஸ்டார்ட்டை அமுக்கினால் I0.0 ஒன்றாகிறது. ஸ்டாப்பும் ஓவர்லோடும் ஏற்கெனவே ஒன்றாக இருப்பதால் Q0.0 ஒன்றாகிறது, மோட்டார் ஓடுகிறது. பிஎல்சி இந்த வரியைச் சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் படிக்கிறது. நாம் விரலை எடுப்பதற்குள் பல தடவை படித்து முடித்திருக்கும். அடுத்த தடவை படிக்கும்போது கீழ்க்கிளையில் இருக்கும் Q0.0 காண்டாக்டும் ஒன்று. அதனால் ஸ்டார்ட்டை விட்ட பிறகும் வரி அறுபடுவதில்லை. இதுதான் ஹோல்டிங். ஸ்டாப்பை அமுக்கினால் I0.1 பூஜ்யம், Q0.0 பூஜ்யம், ஹோல்டிங்கும் போய்விடுகிறது. பிறகு ஸ்டாப்பை விட்டாலும் மோட்டார் தானாக ஓடாது. கரண்ட் போய் வந்தாலும் இதே கதைதான், யாராவது ஸ்டார்ட்டை அமுக்க வேண்டும். "கரண்டு வந்தா தானா ஓடணும்" என்று கேட்கும் முதலாளிகளுக்கு நான் எலிவேட்டரில் அதைச் செய்து கொடுப்பதில்லை.

கிளை எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டுக்கு அடுத்து, ஸ்டாப்புக்கு முன்னால். அதை ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி ஸ்டாப்பைத் தாண்டிச் சேர்த்துவிட்டால், ஓடத் தொடங்கிய மோட்டாரை ஸ்டாப் பட்டனால் நிறுத்தவே முடியாது.

சரி, இப்போது எனக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே ஸ்டாப்புக்கு என்ன குறி போட்டிருக்கிறது? `| |`. ஐடிஐ முடித்துவிட்டு வரும் தம்பி இதைப் பார்த்ததும், "ஸ்டாப்புன்னா என்.சி. தானே, இதுல என்.ஓ. போட்டிருக்காங்களே" என்று நினைக்கிறான். அதை `|/|` என்று 'திருத்துகிறான்'. திருத்தினால் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது. ஏனென்றால் பட்டன் என்.சி., I0.1 எப்போதும் ஒன்று, அந்தக் குறி எப்போதும் அறுந்தே இருக்கும். "அப்போ பட்டன்தான் தப்பு" என்று பட்டனுக்குப் பின்னால் இருக்கும் என்.சி. பிளாக்கைக் கழற்றி என்.ஓ. பிளாக் மாட்டுகிறான். இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஸ்டாப்பும் ஆகிறது. வேலை முடிந்தது என்று சந்தோஷமாகப் போய்விடுகிறான்.

அந்த ஆலையில் அச்சு அசலாக இதுதான் நடந்திருந்தது. ஸ்டாப் பட்டனைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். சிவப்புத் தலைக்குப் பின்னால் பச்சை பிளாக், அதில் 3, 4 என்று எண். மூன்றும் நான்கும் என்றால் என்.ஓ., ஒன்றும் இரண்டும் என்றால் என்.சி. ப்ரோகிராமைத் திறந்தால் I0.1 மேல் ஒரு சாய்கோடு. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். உமி கொட்டும் இடத்துக்குப் பின்னால் எலி கடித்து ஒரு கோர் முழுசாக அறுந்து, செம்பு வெளியே தெரிந்தது. முந்தின நாள் ராத்திரி கடித்திருக்க வேண்டும். அரிசி ஆலையில் எலி இல்லாமல் இருக்குமா?

வயர் அறுந்ததும் என்ன ஆனது? எதுவுமே ஆகவில்லை, ஆபத்தே அதுதான். என்.ஓ. பட்டனில் வயர் அறுந்திருந்தாலும் I0.1 பூஜ்யம், பட்டனை அமுக்காமல் இருந்தாலும் பூஜ்யம். பிஎல்சிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். காலையில் மோட்டார் வழக்கம்போல ஸ்டார்ட் ஆனது, வழக்கம்போல ஓடியது. ஸ்டாப் செத்துப்போய்விட்டது என்பது அதை அமுக்கும் நொடி வரை யாருக்கும் தெரியவில்லை. அதே இடத்தில் என்.சி. பட்டன் இருந்திருந்தால், எலி கடித்த அந்த நொடியே 24 வோல்ட் போயிருக்கும், I0.1 பூஜ்யமாகியிருக்கும். காலையில் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது. "ஓட மாட்டேங்கு அண்ணாச்சி" என்று போன் வந்திருக்கும், நான் நிதானமாகப் போய் வயரை மாற்றியிருப்பேன்.

தம்பிகளே, தயவு செய்து இதை மட்டும் மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள். லேடரில் இருக்கும் குறி பட்டனின் படம் அல்ல. அது பிஎல்சியின் நினைவகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. `| |` என்றால், "இந்த பிட் ஒன்றாக இருக்கிறதா?" `|/|` என்றால், "இந்த பிட் பூஜ்யமாக இருக்கிறதா?" அவ்வளவுதான். வெளியே இருப்பது என்.ஓ. பட்டனா, என்.சி. பட்டனா, ஃப்ளோட் சுவிட்சா என்று அந்தக் குறிக்குத் தெரியாது. என்.சி. பட்டனை யாரும் தொடாதபோது அதன் வழியாகக் கரண்ட் வந்துகொண்டிருக்கிறது, பிட் ஒன்று. மோட்டார் ஓட வேண்டியது அப்போதுதான். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி "ஒன்றாக இருக்கிறதா?" குறி `| |`.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். பிஎல்சி இல்லாத பழைய ரிலே பேனலின் வரைபடமும் ஏணி மாதிரிதான் இருக்கும். அதில் குறி என்பது நிஜ காண்டாக்டின் படம், அங்கே ஸ்டாப் என்.சி.யாக வரைவதுதான் சரி. பயிற்சி போர்டில் பெரும்பாலும் எல்லாமே என்.ஓ. சுவிட்ச், அதனால் அங்கே ஸ்டாப்புக்கு `|/|` எழுதிப் பழகிவிடுகிறீர்கள். போர்டில் எலி இல்லை, பெல்ட் இல்லை, துண்டு இல்லை. ஆலையில் எல்லாம் இருக்கிறது.

பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பிஎல்சியின் இன்புட் பக்கத்தில் வரிசையாகச் சின்ன எல்இடிகள் இருக்கும். யாரும் எந்தப் பட்டனையும் தொடாதபோது ஸ்டாப்பின் எல்இடி எரிந்துகொண்டிருக்க வேண்டும், அமுக்கினால் அணைய வேண்டும். ஒரு இடத்தில் ஹெல்பர் ஒருவர் "ஸ்டாப்பு லைட் சும்மாவே எரியுது, என்னமோ கோளாறு" என்று வயரைக் கழற்றப் போனார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். எரியாமல் இருந்தால்தான் கோளாறு.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? லோடு இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, மெயின் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, ஸ்டாப்பின் 24 வோல்ட் வயரை டெர்மினலில் இருந்து கழற்றுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். பட்டனை அமுக்கிப் பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது, அந்த ஆலையில் அந்தச் சோதனையில் பாஸ் ஆகித்தான் இத்தனையும் நடந்தது.

ஹோல்டிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓவர்லோடின் 95-96 காண்டாக்டை பிஎல்சிக்குக் கொண்டுவராமல் காண்டாக்டர் காயிலோடு மட்டும் சீரியஸில் போட்டுவிடுகிறார்கள். ட்ரிப் ஆனால் காண்டாக்டர் விழுந்துவிடும், மோட்டார் நின்றுவிடும். ஆனால் பிஎல்சிக்குச் செய்தி போகவில்லை. Q0.0 ஒன்றாகவே இருக்கிறது, ஹோல்டிங்கும் அப்படியே இருக்கிறது. ரிலே ஆறி, ஆட்டோ ரீசெட்டில் மறுபடி ஒட்டியதும் மோட்டார் யாரும் தொடாமல் ஓடத் தொடங்கும். வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிரஷரில், நின்றுபோன கன்வேயருக்குப் பக்கத்தில் கல்லை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடியதை நானே பார்த்தேன். ஓவர்லோடை மேலே I0.2 போல இன்புட்டாகக் கொண்டுவாருங்கள். அல்லது ஹோல்டிங் கிளையில் Q0.0-க்குப் பதிலாக, காண்டாக்டரின் 13-14 காண்டாக்டை ஒரு இன்புட்டாக எடுத்துப் போடுங்கள். காண்டாக்டர் விழுந்தால் ஹோல்டிங்கும் விழும். இரண்டும் செய்தால் இன்னும் நல்லது. ஓவர்லோடை மேனுவல் ரீசெட்டில் வையுங்கள்.

என்.சி. போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எலி ஒரு கோரை அறுக்காமல் இரண்டு கோரையும் கடித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தால், என்.சி. ஸ்டாப்பும் வேலை செய்யாது. பிஎல்சியின் அவுட்புட் ரிலே ஒட்டிக்கொண்டாலும் ப்ரோகிராமில் எதை எழுதி என்ன பயன்? அதனால் எமர்ஜென்சி ஸ்டாப் பிஎல்சியை நம்பி இருக்கக் கூடாது. காளான் தலைப் பட்டனின் என்.சி. காண்டாக்ட் நேரடியாகக் காயிலின் சப்ளையை அறுக்க வேண்டும்.

அந்த ஆலையில் சிவப்பு பிளாக்கை மறுபடி மாட்டி, வயரை ஜிஐ பைப்புக்குள் விட்டு, I0.1 மேல் இருந்த சாய்கோட்டை எடுத்தேன். எமர்ஜென்சி பட்டன் ஒன்றைப் பெல்ட்டுக்குக் கை எட்டும் தூரத்தில் வைத்தேன். முன்பு 'திருத்திய' தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். கெட்டிக்காரப் பையன், ஆலையை நிறுத்திவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் செய்திருக்கிறான். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் கையாலேயே ஸ்டாப் வயரைக் கழற்றச் சொன்னேன். எலிவேட்டர் நின்றது. அப்புறம் பேனல் கதவின் உள்பக்கத்தில் அவனே எழுதி ஒட்டினான்: "I0.1 ஸ்டாப். என்.சி. பட்டன். லைட் எரியணும். சாய்கோடு போடாதே."