இரவில் மரத்துப்போகும் கர்ப்பிணியின் கை: பட்டைக்குள் இருக்கும் தகடு

எட்டாம் மாதத்தில் என்னிடம் வந்த பள்ளி ஆசிரியை ஒருவர், உட்கார்ந்ததும் தன் வலக்கையைத் தெர்மாமீட்டரை உதறுவதுபோல் உதறிக் காட்டினார். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கை செத்துப்போன மாதிரி ஆயிடுது மேடம். இப்படி உதறினாத்தான் உயிர் வருது" என்றார். இயன்முறை மருத்துவராக என் அனுபவத்தில், இந்த உதறல் ஒன்றே பாதி நோயறிதலைச் சொல்லிவிடும். எந்தெந்த விரல்கள் என்று கேட்டதற்குப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றையும் தொட்டுக் காட்டிவிட்டு, மோதிர விரலில் சற்றுத் தயங்கினார். சுண்டுவிரலில் ஒன்றுமே இல்லை என்றார்.

மணிக்கட்டின் உள்பக்கத்தில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் இடையே ஒடுக்கமான பாதை ஒன்று உண்டு. அதைத்தான் கார்ப்பல் டனல் என்கிறோம். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. கர்ப்ப காலத்தில், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், உடலில் நீர் தேங்கும்போது இந்தப் பாதைக்குள்ளும் வீக்கம் ஏற்படுகிறது. விரிந்துகொடுக்க இடமில்லாததால் அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் விழுகிறது. சுண்டுவிரலுக்குச் செல்வது வேறொரு நரம்பு, அது இந்தப் பாதை வழியாகப் போவதில்லை. அதனால்தான் சுண்டுவிரல் தப்பித்துக்கொள்கிறது.

பகலில் காலில் தங்கியிருந்த நீர், படுத்தபின் உடல் முழுவதும் பரவுகிறது. அதோடு, ஒருக்களித்துப் படுக்கும் கர்ப்பிணிகள் பெரும்பாலும் கையைக் கன்னத்துக்கு அடியிலோ தலையணைக்கு அடியிலோ மடக்கி வைத்தபடியே தூங்கிவிடுகிறார்கள். மணிக்கட்டு உள்நோக்கி மடங்கினாலும், பின்னோக்கி வளைந்தாலும், அந்தப் பாதைக்குள் அழுத்தம் கூடும். நேராக இருக்கும்போதுதான் அது மிகக் குறைவு. எனவே சிகிச்சையின் மையம், தூங்கும் நேரத்தில் மணிக்கட்டை நேராக வைத்திருப்பதுதான்.

இந்த ஆசிரியை ஏற்கெனவே மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்கி ஒரு வாரம் அணிந்தும் பலனில்லை என்றார். மறுமுறை வரும்போது அதை எடுத்துவரச் சொன்னேன். உள்ளங்கைப் பக்கத்து உறையிலிருந்து தகட்டை உருவிப் பார்த்தபோது, கை பின்னோக்கி வளைந்து நிற்கும்படி அது வளைக்கப்பட்டிருந்தது. கடையில் கிடைக்கும் பல பட்டைகள் இப்படித்தான் வருகின்றன. சுளுக்குக்கு அது பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. தகட்டை மேசை விளிம்பில் வைத்து அழுத்தி ஏறக்குறைய நேராக்கி, மீண்டும் உறைக்குள் செருகினேன். பட்டையின் மேல்விளிம்பு உள்ளங்கை ரேகைக்குக் கீழேயே நிற்கிறதா, விரல்களை முழுமையாக மடக்க முடிகிறதா, வெல்க்ரோவுக்கு அடியில் ஒரு விரல் நுழைகிறதா என்பவற்றைச் சரிபார்த்தோம். நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று இறுக்கிக் கட்டினால், வெளியிலிருந்தும் ஓர் அழுத்தம் சேர்ந்துவிடும். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களைக் கழற்ற அவருக்கு மனமில்லை. இரவு மட்டும் கழற்றிவைப்பது என்று முடிவாயிற்று. மோதிரத்தையும், விரல் மேலும் வீங்குவதற்குள் கழற்றிவிடச் சொன்னேன்.

பட்டையணிந்த கையை ஒரு தலையணையின் மேல் சற்று உயர்த்தி வைத்துப் படுப்பது, துணியில் சுற்றிய ஐஸ் பொட்டலத்தைப் படுக்கும் முன் பத்து நிமிடம் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைப்பது, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டோம். வலி மாத்திரைகளை, அதிலும் ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளை, கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவை குழந்தையின் சிறுநீரகத்தையும் இதய ரத்தக் குழாயையும் பாதிக்கக்கூடும். நீரை வடிக்கும் மாத்திரையும் இதற்குத் தீர்வல்ல.

ஐந்தாம் நாள் தொலைபேசியில் பேசியபோது, இரவில் மூன்று நான்கு முறை விழித்தவர், ஒருமுறை மட்டுமே விழிப்பதாகச் சொன்னார். மதமதப்பு முழுவதும் போய்விடவில்லை. பிரசவம் வரை கொஞ்சம் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

ஆனால் மதமதப்பு பகலிலும் விடாமல் நீடித்தால், டம்ளர் கைநழுவினால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு தட்டையானால், பட்டையோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி தேவைப்படலாம். சுண்டுவிரலும் காலும் சேர்ந்து மரத்தால், சர்க்கரையையும் பி12 அளவையும் பார்ப்பது அவசியம். முகமும் கையும் திடீரென வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ இருந்தால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்று ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். அது கைநரம்புப் பிரச்சினையே அல்ல.

பிரசவத்துக்குப் பின் நீர் வடிய, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இது அடங்கிவிடும். ஆசிரியைக்கு மூன்றாவது வாரத்தில் மறுபடி தலைகாட்டியது. பாலூட்டும்போது, குழந்தையின் தலையை மணிக்கட்டை மடக்கித் தாங்கியிருந்தார். மடியில் தலையணை வைத்து, தலையை முழங்கை மடிப்பில் ஏந்தச் சொன்னேன். பட்டையை இன்னும் ஒரு மாதம் இரவில் அணிந்தார்.