நோன்னாவுக்குக் குளிர் தெரியும், மகனுக்குத் தெரியாது

இத்தாலிய மொழி படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “கொஞ்ஜுந்தீவோ என்பது சந்தேகத்தைச் சொல்லும் வினைவடிவம் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். ஆனால் ‘நீ வந்ததில் சந்தோஷம்’ என்பதற்கும் அதையே போடுகிறார்கள். சந்தோஷத்தில் என்ன சந்தேகம்?”

சரியான கேள்வி. ஒரு சின்னக் கதை வழியாகப் பதில் தேடுவோம். நிகழ்கால வினைமுடிவுகளை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இத்தாலியச் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஒலி முழுதாகப் பொருந்தாது. கடைசி உயிரெழுத்தை மட்டும் விடாமல் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

தென் இத்தாலியில் லெச்சே நகரம், ஒரு சமையலறை. அப்பாவுக்கு ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. அவருடைய அம்மாவுக்கு அந்த ஊர் புதிதல்ல. வீட்டில் எல்லாரும் அவளை நோன்னா, அதாவது பாட்டி, என்றுதான் அழைப்பார்கள். 1962-இல் அங்கே உள்ள கார் தொழிற்சாலைக்கு இத்தாலியர்கள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது அவள் கணவரும் போனார். அவளும் சில குளிர்காலங்களை அங்கே கழித்துவிட்டுத் திரும்பியவள்.

அப்பா சொல்கிறார்: “க்ரேதோ கே ஃபாச்சா ஃப்ரெத்தோ.” குளிராக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நோன்னா தக்காளி நறுக்குவதை நிறுத்தாமலே சொல்கிறாள்: “ஸோ கே ஃபா ஃப்ரெத்தோ.” குளிரும் என்று எனக்குத் தெரியும்.

குளிர் ஒன்றுதான். மகன் வாயில் ஃபாச்சா, தாய் வாயில் ஃபா. நோன்னா அந்தக் குளிரைத் தன் பொறுப்பில், உண்மை என்று மேஜைமேல் வைக்கிறாள். மகன் அப்படி வைக்கவில்லை, தன் நினைப்புக்குள் வைத்துக் காட்டுகிறார். ‘நினைக்கிறேன்’ என்ற முதன்மை வினை வந்ததும், அதோடு ‘கே’ போட்டு இணைத்த வாக்கியத்தின் வினை உருமாறிவிடுகிறது. கொஞ்ஜுந்தீவோ என்ற பெயருக்கே ‘இணைந்தது’ என்றுதான் பொருள். (பேச்சில் இத்தாலியர்களே ‘க்ரேதோ கே ஃபா’ என்று சொல்வது அடிக்கடி காதில் விழும். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அப்படி எழுத வேண்டாம்.)

ஃபாச்சா ஒழுங்கற்ற வினை. ஒழுங்கான வினைகளில் பெரும்பாலும் நடப்பது ஓர் உயிரெழுத்து மாற்றம்தான். ‘பேசுகிறாள்’ பார்லா, அது பார்லி ஆகிறது. ‘புறப்படுகிறாள்’ பார்த்தே, அது பார்த்தா ஆகிறது. ‘ஆ’ இருந்த இடத்துக்கு வேறு உயிர் வருகிறது, ‘ஏ’ இருந்த இடத்துக்கு ‘ஆ’ வருகிறது. லத்தீனிலும் இப்படித்தான்: அமாத் அமெத் ஆனது, லெகித் லெகாத் ஆனது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தக் கைமாற்று நடந்துகொண்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்த மாற்றத்தில் ஒரு சிக்கலும் உண்டு. அப்பா அம்மாவிடம், அதாவது தன் மனைவியிடம், “எ மெல்யோ கே பார்த்தா ப்ரீமா” என்கிறார். முதலில் புறப்படுவது நல்லது. அம்மா உடனே, “கீ?” என்கிறாள். யார்? ஒருமையில் நான், நீ, அவன் மூன்றுக்குமே பார்த்தா ஒன்றுதான். தமிழைப் போலவே இத்தாலியத்திலும் ‘நான்’, ‘நீ’ என்பதை விட்டுவிட்டுப் பேசலாம், வினைமுடிவே ஆளைக் காட்டிவிடும். இங்கே காட்டாது. அதனால் ‘கே இயோ பார்த்தா’ என்று ‘நான்’ சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

அப்புறம், அவர் தன்னைப் பற்றி மட்டும் நினைக்கும்போது கொஞ்ஜுந்தீவோவே வராது. “பென்ஸோ தி பார்த்தீரே”, புறப்படலாம் என்று நினைக்கிறேன். நினைப்பவரும் புறப்படுபவரும் ஒருவரே என்றால் வினையெச்சம் போலொரு வடிவம் போதும். “வோல்யோ கே தூ பார்த்தா”, நீ புறப்படவேண்டும் என்று விரும்புகிறேன் என்னும்போது ஆள் மாறுகிறது, கொஞ்ஜுந்தீவோ வந்துவிடுகிறது. ‘நான் போக விரும்புகிறேன்’, ‘நீ போகவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்று தமிழும் இங்கே இரண்டாகப் பிரிவதைக் கவனியுங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். அம்மா வொல்ஃப்ஸ்பர்க்கில் வாடகை வீடு தேடத் தொடங்குகிறாள். துளசிச் செடி வைக்க ஒரு பால்கனி வேண்டும். (நாம் சொல்லும் பால்கனியே இத்தாலிய பால்கோனே ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்ததுதான்.)

“சேர்கோ ஊனா காஸா கே அப்பியா ஊன் பால்கோனே.” பால்கனி இருக்கிற வீடு தேடுகிறேன்.

இதில் நினைக்கிறேன் இல்லை, விரும்புகிறேன் இல்லை, சந்தேகமும் இல்லை. தேடுகிறாள் என்பது உறுதி, என்ன வேண்டும் என்பதும் உறுதி. ஆனால் அந்த வீடு இன்னும் எந்தத் தெருவிலும் இல்லை, அவள் மனதில்தான் இருக்கிறது. ஆகவே ‘ஆ’ என்ற சாதாரண வடிவத்துக்குப் பதில் அப்பியா. மூன்று வாரம் கழித்து அவள் கூவுகிறாள்:

“ஓ த்ரொவாத்தோ ஊனா காஸா கே ஆ ஊன் பால்கோனே!” பால்கனி இருக்கிற வீடு கிடைத்துவிட்டது.

அப்பியா போய் ஆ வந்துவிட்டது. இப்போது அந்தப் பால்கனியில் போய் நிற்கலாம். தமிழில் இரண்டு இடத்திலும் ‘பால்கனி இருக்கிற வீடு’தான், தேடும் வீட்டுக்கும் கிடைத்த வீட்டுக்கும் பெயரெச்சம் ஒன்றே. இத்தாலியமோ அந்த வேறுபாட்டை ஒரு வினைக்குள் வைத்திருக்கிறது. அம்மா தேடும்போதே ‘கே ஆ’ என்று சொல்லியிருந்தால், ஏற்கெனவே பார்த்து வைத்த ஒரு வீட்டின் முகவரியைத்தான் தொலைத்துவிட்டாள் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

இதனால்தான் ‘சந்தேகம்’ என்று சொல்லித்தருவது எனக்குப் பிடிப்பதில்லை. நாற்பது வினைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதும் வீண் வேலை. பேசுபவர் இந்தச் செய்தியை ‘இது உள்ளது’ என்று இப்போது அறிவிக்கிறாரா என்பதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. பெரும்பாலான வாக்கியங்களை அது ஒன்றே தீர்த்துவிடும். மொழிப் பாடநூல்களுக்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சம், மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்வதற்குப் போனால் இந்தப் பட்டியல்கள் தானாகக் குறையும்.

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். டிக்கெட் வாங்கியாயிற்று, பெட்டி கட்டியாயிற்று. மகள் தோழிக்கு போன் செய்து, “பார்த்தியாமோ அ செத்தெம்ப்ரே” என்கிறாள். செப்டம்பரில் புறப்படுகிறோம். அது தோழிக்குச் செய்தி. நோன்னா அவர்களோடு போகவில்லை. பேத்தி போனை வைத்ததும் அவள் சொல்கிறாள்:

“ஸோனோ கொன்தெந்தா கே பார்த்தியாத்தே.” நீங்கள் புறப்படுவதில் எனக்குச் சந்தோஷம்.

புறப்படுவதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நோன்னா அதை அறிவிக்கவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் அறிவிப்பது தன் சந்தோஷத்தை மட்டும். புறப்பாடு அதற்கு அடியில் கிடக்கும் விஷயம். ஆகவே பார்த்தீத்தே என்று வராமல் பார்த்தியாத்தே என்று வருகிறது.

இன்னொன்று. ‘நாங்கள்’ என்பதற்கு இரண்டு வடிவமும் ஒன்றேதான், பார்த்தியாமோ. நோன்னாவும் பெட்டி கட்டியிருந்தால் ‘ஸோனோ கொன்தெந்தா கே பார்த்தியாமோ’ என்றிருப்பாள், அது கொஞ்ஜுந்தீவோ என்று காதுக்குத் தெரிந்தே இருக்காது. அவள் லெச்சேயிலேயே தங்கிவிடுவதால்தான் ‘நீங்கள்’ என்கிறாள், நமக்கும் அது கேட்கிறது.