ஃப்ளூ ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல்: கடிகாரத்தைப் பாருங்கள்

ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களிடமிருந்து மறுநாள் வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "டாக்டர், ஊசி போட்ட கையைத் தூக்க முடியல, ராத்திரி லேசா காய்ச்சல் வேற. ஊசியே ஃப்ளூவைக் கொண்டுவந்துடுச்சா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள், காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது?

நம் ஊரில் கையில் போடும் ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழக்க வைக்கப்பட்ட வைரஸின் துண்டுகள். அவை உடலுக்குள் பெருக முடியாது, அதனால் அந்த ஊசியால் ஃப்ளூ வராது. ஆனால் வந்திருப்பது அந்நியப் பொருள் என்று உடல் கண்டுகொள்கிறது. அந்த விழிப்பில்தான் காய்ச்சலும் அசதியும் உடம்பு வலியும் வருகின்றன. வழக்கமாக ஊசி போட்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் அடங்கிவிடும். கை வலி அதற்கும் முன்னதாகவே ஆரம்பித்து, மறுநாள் உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். ஊசி போட்ட இடம் கொஞ்சம் சிவந்து, தடித்து, தொட்டால் வலிப்பது இயல்பு. சிலருக்கு அதே பக்க அக்குளில் நெறி கட்டலாம், அதுவும் சில நாளில் தானாகக் கரைந்துவிடும். இவை எதுவுமே வராதவர்களும் நிறைய. அவர்களுக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

வலிக்குக் குளிர்ந்த துணி ஒத்தடம் போதும். இடத்தைத் தேய்க்க வேண்டாம், ஆனால் கையை வழக்கம்போல அசைத்துக்கொண்டிருங்கள். காய்ச்சல் தொந்தரவாக இருந்தால் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் ஒன்று போடலாம், அடுத்ததற்குக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். குழந்தைகளுக்கு அளவு எடையை வைத்துத்தான், மருத்துவர் சொன்னபடி கொடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் வருவதற்கு முன்பே தடுப்பாக மாத்திரை போட வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் ஓர் ஆசிரியை, வயது ஐம்பத்தெட்டு, செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டார். அன்று இரவு எட்டு மணிக்கு 100 டிகிரி, உடம்பு வலி. புதன் சாயங்காலம் காய்ச்சல் போய்விட்டது. கையும் வியாழக்கிழமை சரியாகிவிட்டது. இதுவரை எல்லாம் ஊசியின் கணக்கு. வெள்ளி காலை 102 டிகிரி, கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி. "ஊசிக் காய்ச்சல் திரும்பிடுச்சு" என்று வீட்டில் முடிவு செய்து, மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார்கள். அடங்கிய ஊசிக் காய்ச்சல் இரண்டு நாள் கழித்து இப்படி ஏறுவதில்லை என்பதால் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை பாசிட்டிவ். அந்த வலி மாத்திரை டைக்ளோஃபினாக். டெங்குவில் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதால் தவிர்க்க வேண்டிய மருந்து அது. உடனே நிறுத்தி, நீர்ச்சத்தையும் தட்டணுக்களையும் தினமும் கவனித்தோம், தேறிவிட்டார்.

எனவே காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, போய்த் திரும்பினாலோ, 102 டிகிரியைத் தொட்டாலோ ஊசியின் மேல் பழி போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். மூக்கொழுகல், இருமல், தொண்டை வலி கூட வந்தாலும் அப்படித்தான்: அது வேறு கிருமியின் வேலை. ஊசியின் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் உண்மையான ஃப்ளூவே தொற்றியிருக்கவும் கூடும்.

கையிலும் இதே கணக்குதான். மூன்றாம் நாளுக்குப் பிறகு சிவப்பு பரவிக்கொண்டே போவது, சூடாகத் தகதகப்பது, சீழ் வைப்பது தொற்றின் அடையாளம். ஊசி தோளில் மிக மேலே குத்தப்பட்டால் மூட்டை ஒட்டிய பகுதியில் வீக்கம் வரலாம். இது அபூர்வம்தான். அப்போது தசை வலி போலில்லாமல், சட்டை போடவோ தலை வாரவோ கை ஏறாது, வாரக்கணக்கில் நீடிக்கும். ஒரு வாரமாகியும் கை ஏறவில்லை என்றால் காட்டிவிடுங்கள், ஆரம்பத்திலேயே பிசியோதெரபி தொடங்கினால் நல்லது.

போனில் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாத ஒன்றும் உண்டு. ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்பு, உதடோ முகமோ வீங்குவது, மூச்சுத் திணறல், கண் இருட்டிக்கொண்டு வருவது வந்தால் அது கடும் ஒவ்வாமை. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்த பிறகு நேர்ந்தால் 108.




இன்னொன்று மிகமிக அரிது, பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு: ஆறு வாரத்துக்குள் பாதத்தில் மரத்துப்போய், பலவீனம் மேலே ஏறிக்கொண்டே வரும் கில்லன் பாரே நரம்புப் பாதிப்பு. ஃப்ளூ நோய்க்குப் பிறகும் இது வரலாம். நடை தள்ளாடினால் மறுநாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.