திங்கட்கிழமைச் சரிவு: செலவைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

வர்த்தக உத்திகளைச் சோதித்துப் பார்த்துச் சொல்வது என் தொழில். என்னிடம் அதிகம் வருவது நாட்காட்டி உத்திகள்தான். எந்த மாதம் ஏறும், எந்தக் கிழமை இறங்கும் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதைப் பார்த்ததும் பணத்தை இறக்கத் தோன்றும். அப்படிப்பட்ட ஓர் அட்டவணையைப் படிப்படியாகச் சோதித்த கதையை இங்கே சொல்கிறேன். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுதாக்கியிருக்கிறேன்.

வந்தவரிடம் ஒரு பங்குச்சந்தைக் குறியீட்டின் பத்து ஆண்டுத் தினசரி முடிவு விலைகள் இருந்தன. சுமார் 500 திங்கட்கிழமைகள். அவற்றின் சராசரி வருமானம் -0.10%. மற்ற நான்கு நாட்களும் ஏற்றத்தில் இருந்தன. அவர் வகுத்த விதி எளிது: வெள்ளி மாலை முடிவு விலையில் விற்றுவிட வேண்டும், திங்கள் மாலை முடிவு விலையில் திரும்ப வாங்க வேண்டும். ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 50 × 0.10, அதாவது 5% கூடுதல் வருமானம் என்பது அவர் கணக்கு.

முதலில் செலவைப் பார்த்தோம். ஒரு திங்களைத் தவிர்க்க ஒரு முறை விற்று ஒரு முறை வாங்க வேண்டும். ஆக ஆண்டுக்கு 100 பரிவர்த்தனைகள். தரகு, சந்தைக் கட்டணம், பரிவர்த்தனை வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள ஸ்ப்ரெட், நினைத்த விலை கிடைக்காமல் போகும் ஸ்லிப்பேஜ் எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 0.04% என்று வைத்தாலும் ஆண்டுக்கு 4% போய்விடும். மிச்சம் 1%. செலவு 0.05% ஆனால் ஒன்றும் மிஞ்சாது. கிழமை உத்தி எதுவானாலும் நான் முதலில் போடும் கணக்கு இதுதான்: சராசரி விளைவை இரண்டால் வகுத்தால் ஒரு பக்கத்துக்குத் தாங்கக்கூடிய அதிகபட்சச் செலவு வந்துவிடும். வாராவாரம் விற்பதால் வரக்கூடிய லாபவரியை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இன்னொரு சிக்கல் முடிவு விலை. திரையில் தெரியும் முடிவு விலை, சந்தை மூடிய பிறகுதான் உறுதியாகிறது. சில சந்தைகளில் அது கடைசி அரை மணி நேரத்தின் சராசரி. சிலவற்றில் தனியாக நடக்கும் முடிவு ஏலத்தின் விலை. குறியீட்டை நேரடியாக வாங்கவும் முடியாது, இ.டி.எஃப் அல்லது ஃப்யூச்சர்ஸ் வழியாகத்தான் வாங்க வேண்டும். அதனால் பழைய விலைகளில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில் குறியீட்டின் எண்ணை எடுத்துவிட்டு, உண்மையில் வாங்கப்போகும் கருவியின் விலையைப் போடச் சொன்னேன்.

அடுத்த கேள்வி, அந்த -0.10% எவ்வளவு உறுதியானது என்பது. தினசரி ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் 1% என்று கொண்டால், 500 நாட்களின் சராசரிக்குத் திட்டப்பிழை 1/√500, ஏறத்தாழ 0.045%. இரு பக்கமும் அதில் இரு மடங்கு இடம் விட்டால், உண்மை விளைவு -0.01% முதல் -0.19% வரை எங்கும் இருக்கலாம். அந்த வீச்சின் ஒரு முனையில் உத்தி நன்றாக ஓடும், மறு முனையில் செலவே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

போதாததற்கு, அவர் திங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கவில்லை. ஐந்து நாட்களையும் பார்த்துவிட்டு மோசமானதைத்தான் எடுத்தார். எந்த விளைவும் இல்லாத தரவில்கூட, தற்செயலாகத் தேற 5% வாய்ப்பு மட்டுமே தரும் அளவுகோலில், ஐந்து கிழமைகளில் ஒன்றாவது தேறிவிட ஏறத்தாழ 23% வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு மாதங்களையும் சேர்த்துத் தேடினால் அது 58% ஆகிவிடும். இதைச் சரிசெய்ய நான் பயன்படுத்தும் சோதனை கலைத்துப் போடுவது. ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் கிழமைப் பெயர்களை மட்டும் கலைத்து, ஒவ்வொரு முறையும் ஐந்தில் மோசமான சராசரியை எடுத்து, அசலோடு ஒப்பிட வேண்டும். வாரத்துக்குள்ளேயே கலைப்பதால் கொந்தளிப்பான வாரங்களும் அமைதியான வாரங்களும் அதனதன் இடத்தில் நிற்கும்.

```python
import numpy as np

def worst(d):
    return d.groupby("wd")["r"].mean().min()

real, hits, N = worst(df), 0, 2000
for _ in range(N):
    s = df.copy()
    s["wd"] = s.groupby("week")["wd"].transform(
        lambda x: np.random.permutation(x.values))
    hits += worst(s) <= real
print(hits / N)
```

`df` என்பது தினசரித் தரவு அட்டவணை, `wd` கிழமை, `r` அன்றைய வருமானம். `week` என்பதில் ஆண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லா ஆண்டுகளின் மூன்றாம் வாரமும் ஒன்றாகிவிடும். கடைசியில் வரும் எண், கலைத்த தரவும் அசல் அளவுக்கு மோசமாக வந்த விகிதம். அது 0.05-ஐவிடப் பெரிதாக இருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

சராசரியை ஓரிரு நாட்கள் இழுத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். எஸ்&பி 500 குறியீடு 2020 மார்ச் 9 அன்று 7.6 சதவீதமும், மார்ச் 16 அன்று ஏறத்தாழ 12 சதவீதமும் விழுந்தது. இரண்டும் திங்கட்கிழமைகள். இவை இரண்டு மட்டுமே 500 திங்கட்கிழமைகளின் சராசரியை 0.04% கீழே தள்ளப் போதும். பெருந்தொற்று பரவிய வாரங்களில் நேர்ந்ததைக் கிழமையின் குணம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவரது தரவில் மோசமான இரண்டு திங்களை நீக்கியும், சராசரிக்குப் பதிலாக இடைநிலை எடுத்தும் பார்த்தோம். விளைவு சுருங்கியது, ஆனால் மறையவில்லை.

முடிவைச் சொன்னது காலத்தைப் பிரித்துப் பார்த்ததுதான். முதல் ஐந்து ஆண்டுகளில் திங்கள் சராசரி -0.17%. பிந்தைய ஐந்து ஆண்டுகளில் -0.03%. முதல் பாதியைப் பார்த்து விதி வகுத்து, இரண்டாம் பாதியில் வர்த்தகம் செய்திருந்தால் ஆண்டுக்கு 1.5% வந்திருக்கும், 4% செலவாகியிருக்கும். நிகரம் 2.5% நட்டம். இது அவர் தரவின் விபத்து மட்டுமல்ல. நிதியியல் ஆய்வாளர் கென்னத் பிரெஞ்ச் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், 1953 முதல் 1977 வரை எஸ்&பி குறியீட்டின் திங்கள் சராசரி ஏறத்தாழ -0.17%. 1987-க்குப் பிறகான ஆண்டுகளைத் தனியே எடுத்து ஆராய்ந்தபோது, அமெரிக்காவின் பெரிய நிறுவனக் குறியீடுகளில் அந்தச் சரிவு இல்லை.

மாத உத்திகளில் சிக்கல் நேர் எதிராக இருக்கிறது. செப்டம்பரை மட்டும் தவிர்க்க ஆண்டுக்கு இரண்டே பரிவர்த்தனைகள் போதும், 0.08% செலவு. அதனால் செலவுச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். ஆனால் இருபது ஆண்டுத் தரவில் இருபது செப்டம்பர்கள்தான் உண்டு. மாதத் திட்டவிலக்கம் 4.5% என்றால் திட்டப்பிழை 1%. செப்டம்பர் சராசரி -1% என்று வந்தால், அது திட்டப்பிழையின் ஒரு மடங்குதான். அதே -1% இரு மடங்காகத் தெரிய (4.5 × 2)² = 81 ஆண்டுகள் வேண்டும். அந்த 81 ஆண்டுகளில் சந்தையின் விதிகளும் பங்கேற்பவர்களும் அடியோடு மாறியிருப்பார்கள். கிழமை விளைவுக்குச் சான்று கிடைக்கும், செலவு கொல்லும். மாத விளைவைச் செலவு விட்டுவிடும், சான்றுதான் சேராது. பேக்டெஸ்ட் அறிக்கையில் மாத உத்திக்குச் செலவு போக நல்ல லாபம் என்று பார்த்தால் நான் உடனே மாதிரி எண்ணிக்கையைத்தான் தேடுவேன்.

பிரெஞ்ச் தன் ஆய்விலேயே இன்னொன்றும் சொன்னார்: செலவு காரணமாக இதை வைத்துத் தனி வர்த்தகம் செய்ய முடியாது, ஆனால் எப்படியும் செய்யப்போகிற வாங்கலை வெள்ளியிலிருந்து திங்களுக்குத் தள்ளலாம். அந்தப் பரிவர்த்தனைக்கான செலவு ஏற்கெனவே கணக்கில் இருப்பதுதான். வந்தவரும் மாதாமாதம் ஒரு தொகை போடுகிறவர். அதை வெள்ளி மாலைக்குப் பதில் திங்கள் மாலை போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டார். இரண்டாம் பாதியின் -0.03% அப்படியே நீடித்தாலும், போடும் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் மூன்று.