“சிறு மாற்றம்தான், ஒப்பமிடுங்கள்”: கட்டுநரின் சம்மதக் கடிதத்தை எப்படி வாசிப்பது

தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கட்டி, தவணையும் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் கட்டுநரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. “கட்டட வரைபடத்தில் சில சிறு திருத்தங்கள். உங்கள் வீட்டின் பரப்பில் மாற்றமில்லை. இணைப்பில் ஒப்பமிட்டு ஏழு நாட்களுக்குள் அனுப்பவும்.” வீட்டின் பரப்பு மாறவில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். மாறுவது வீட்டுக்கு வெளியே இருப்பது.

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் 1,000 சதுர அடி. 3,000 சதுர அடி மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. வாகனத் தரிப்பிடமும் 24. திருத்திய வரைபடத்தில் மொட்டைமாடியில் இரண்டு வீடுகள் முளைக்கின்றன. பொதுவாக மிஞ்சுவது 1,000 சதுர அடி. முன்பு 3,000 சதுர அடியில் 24இல் ஒரு பங்கு, அதாவது 125 சதுர அடி உங்களுடையது. இனி 1,000இல் 26இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 38 சதுர அடி. தரிப்பிடம் அதே 24, வீடுகளோ 26. தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழி, லிப்ட் எல்லாம் 24 குடும்பங்களுக்குக் கணக்கிட்டவை. மாதப் பராமரிப்புப் பங்கு சற்றுக் குறையும் என்று கடிதத்தில் எழுதியிருப்பார்கள். அதுவும் சரியே. ஆனால் அந்த இரண்டு வீடுகளின் விலை யாருக்குப் போகிறது என்று கடிதம் சொல்லாது.

இலங்கையின் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி, நில அளவையாளர் தயாரிக்கும் தொடர்மாடி வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவாகும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுப் பகுதிகளில் உள்ள பங்கு நிலைபெறுகிறது. அதன்பின் திருத்துவது பெரும்பாடு. பேச வேண்டிய நேரம் இந்தக் கடிதம் வரும் நேரம்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதித்தால்தான் வரைபடத்தை மாற்றலாம் என்று யூடியூப்பில் கேட்டிருப்பீர்கள். அது இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு. திருகோணமலையில் அது செல்லாது. இங்கே உங்கள் முதல் பிடி, நொத்தாரிசு முன் எழுதிய விற்பனை உடன்படிக்கை. அதில் இரண்டு இடங்களைத் தேடுங்கள்: கட்டுநர் தன் விருப்பப்படி வரைபடத்தை மாற்றலாம் என்ற வாசகம் இருக்கிறதா, பொதுப் பகுதிகள் அட்டவணையில் பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளனவா. “மொட்டைமாடி” என்று அட்டவணையில் இருந்தால், சாதாரணக் கடிதத்தால் அதை நீக்க விடாதீர்கள். நொத்தாரிசு முன்னிலையில் திருத்த உடன்படிக்கை எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பமிடுமுன் நான்கு ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள்: அனுமதி முத்திரையுள்ள பழைய வரைபடம், இலக்கமும் திகதியும் உள்ள புதிய வரைபடம், இரண்டுக்குமான பரப்பு அட்டவணை, புதியதை அனுமதிக்குச் சமர்ப்பித்ததற்கான சான்று. இரண்டு வரைபடங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து, ஒவ்வொரு மாடியிலும் வீடல்லாத இடங்களை மட்டும் வண்ணமிடுங்கள். பொது இடமாக இருந்தது ஒரு வீட்டின் துணைப் பகுதியாக மாறியிருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். வாகனத் தரிப்பிடம் அடிக்கடி இப்படித்தான் கைமாறுகிறது.

கட்டடத்தையும் போய்ப் பாருங்கள். கடைசித் தட்டில் தூண் கம்பிகளை வெட்டி மூடாமல் ஓராள் உயரத்துக்கு விட்டிருந்தால், மேலே இன்னொரு மாடி எழும்பப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சுவர் ஏற்கெனவே எழும்பியிருந்தால், கேட்பது சம்மதமல்ல, நடந்துவிட்டதற்கு மறைப்பு. அந்த நிலையில் வெறுமனே மறுப்பதும் உங்களையே தாக்கலாம். அனுமதித்த வரைபடத்துக்கு மாறாகக் கட்டிய கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் இழுபடும். அது இல்லாமல் உங்கள் உறுதியும் தாமதமாகும். ஆகவே நிபந்தனையுடன் சம்மதிப்பதே பல வேளைகளில் புத்தி. இப்படி எழுதலாம்:

“இன்ன இலக்க, இன்ன திகதிய வரைபடத்தில் காட்டிய மாற்றங்களுக்கு மட்டும் சம்மதிக்கிறேன். இனிவரும் மாற்றங்களுக்கு இது பொருந்தாது. எனது தரிப்பிடமும் ஒப்படைக்கும் திகதியும் மாறாது. குறைந்த பொதுப் பரப்புக்காக விலையில் இவ்வளவு கழிக்கப்பட வேண்டும்.”

கட்டுநர் அனுப்பும் படிவத்தில் “எதிர்காலத்தில் அவசியமாகும் மாற்றங்களுக்கும்” என்ற சொற்கள் இருந்தால் அந்த வரியை வெட்டி, பக்கத்தில் சிற்றொப்பமிடுங்கள். வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும் ஒரு பிரதி போகட்டும்.

கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஊரிலுள்ள உறவினருக்குக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தில் “தேவையான எல்லா ஆவணங்களிலும்” என்று இருந்தால், அவர் நல்லெண்ணத்தில் இடும் ஒப்பம் உங்களையே கட்டுப்படுத்தலாம். அண்ணாவோ மாமாவோ, இந்தக் கடிதத்துக்கு உங்களைக் கேட்காமல் ஒப்பமிட வேண்டாம் என்று இன்றே எழுதி அனுப்புங்கள். கட்டுநருக்கும் அதை அறிவியுங்கள்.